முப்பத்தைந்தில் பத்தொன்பது: வெளிப்பக்கம் சாய்ந்த ஒரு சாரத்தின் விசாரணை அறிக்கை

யாருக்கும் அடிபடவில்லை. ஒரு பலகை கீழே விழுந்தது, இன்னொன்று வலையில் சிக்கித் தொங்கியது. சாரத்தின் மேல்முனை சுவரிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் விலகி நின்றது. அன்று மாலையே சரிசெய்துவிட்டு, பதிவேட்டில் "பலத்த காற்று காரணமாக" என்று ஒரு வரி எழுதி முடித்திருக்கலாம். அப்படி எழுதலாம் என்று என்னிடம் சொன்னவர்களும் உண்டு. எழுதாமல் பன்னிரண்டு நாள் விசாரித்தோம். அதன் முழு விவரம் இது. தளத்தின் பெயரும் நிறுவனங்களின் பெயர்களும் இதில் இல்லை. விசாரணையை நடத்தியது நான். உடன் சாரம் கட்டும் மேஸ்திரி ஒருவரும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரும் இருந்தார்கள்.

நடந்தது

தரைத்தளமும் அதற்கு மேல் ஆறு மாடிகளும் கொண்ட கட்டடம். கிழக்குச் சுவர் 24 மீட்டர் நீளம். அதன் முழு நீளத்துக்கும் பைப்பும் கிளாம்பும் வைத்துக் கட்டிய சாரம், 22 மீட்டர் உயரம். நிற்கும் பைப்புகள் 2 மீட்டருக்கு ஒன்று, ஆக ஒரு வரிசைக்குப் பதின்மூன்று. தட்டுகள் 2 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. வெளிப்பக்கம் முழுவதும் பச்சை வலை.

பிற்பகல் மூன்றே முக்காலுக்கு மழைக்கு முந்தைய காற்று மேற்கிலிருந்து வீசியது. ஒன்பதாவது தட்டில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் பத்து நிமிடத்துக்கு முன்புதான் இடைவேளைக்கு இறங்கியிருந்தார்கள். கீழே நின்ற ஒருவர் மேலே 'கரக்' என்று சத்தம் கேட்டுத் தலை தூக்கியபோது சாரத்தின் நடுப்பகுதி வெளியே பிதுங்குவதைப் பார்த்தார். அடுத்த நொடியில் ஒன்பதாவது தட்டிலிருந்து இரண்டு பலகைகள் சரிந்தன.

விழுந்த பலகை 3.9 மீட்டர் நீளம், எடை சுமார் 18 கிலோ. 18 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 68 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அதற்குக் கீழே ஹெல்மெட் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். பலகை விழுந்த இடம் தடுப்பு கட்டிய பகுதிக்கு உள்ளே, தடுப்புக் கயிற்றிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி. கயிற்றுக்கு இந்தப் பக்கம் சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மேல்முனையில், நடுவில் உள்ள நிற்கும் பைப்புக்கும் சுவருக்கும் இடையே 250 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மறுநாள் காலை அளந்தபோது 560 இருந்தது.

முதல் இரவு

விசாரணைக்கு முன் சாரம் நிற்க வேண்டுமே. சாய்ந்த சாரத்தில் ஏறி அதைச் சரிசெய்யப் போவதுதான் இப்படிப்பட்ட சமயத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆளைக் கொல்லும் வேலையும் அதுதான். யாரையும் ஏறவிடவில்லை. சுவரிலிருந்து 25 மீட்டர் தூரத்துக்கு எல்லாரையும் அப்புறப்படுத்தினோம். காற்று அடங்கிய பிறகு, கட்டடத்துக்குள் இருந்தே, சன்னல் திறப்புகள் வழியாக வேலை செய்தோம். பாதுகாப்புக் கயிறு சாரத்தில் இல்லாமல் கட்டடத்தின் தூணில் மாட்டப்பட்டது. முதலில் மேல் மூன்று மாடிகளின் வலையை உள்ளிருந்தே அறுத்துவிட்டோம். பிறகு கீழிருந்து மேலாக, 12 மீட்டர் மட்டத்தில் தொடங்கித் தற்காலிகப் பிணைப்புகள் போட்டோம். சாரத்தை உடனே இழுத்து நேராக்கும் முயற்சி எதுவும் இல்லை. நின்ற இடத்திலேயே பிடித்து நிறுத்தினோம், அவ்வளவுதான்.

இதில் ஒரு தவறும் செய்தோம். அறுத்த வலையைச் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். எந்தெந்த இடத்தில் வலை எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்ற தடயம் அதோடு போனது. கைபேசியில் ஒருவர் எடுத்திருந்த படங்கள்தான் பின்னால் கைகொடுத்தன.

எண்ணிப் பார்த்தது

சாரம் தன் காலில் தானே நிற்பதில்லை. இவ்வளவு உயரமும் ஒன்றேகால் மீட்டர்கூட இல்லாத அகலமும் கொண்ட ஒன்றைக் கட்டடம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடிக்குத் தளத்தில் டை என்று பெயர். எங்கள் வரைபடத்தில் டைகள் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டமாக இருந்தன: 4, 8, 12, 16, 20 மீட்டர் உயரங்களில், ஒவ்வொரு உயரத்திலும் ஏழு. மொத்தம் முப்பத்தைந்து. சாரம் கட்டி ஒப்படைத்த அன்று முப்பத்தைந்தும் இருந்தன. அன்றைய படங்களில் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.

சம்பவத்துக்கு மறுநாள் மாடி மாடியாக எண்ணினோம். 4 மீட்டரிலும் 8 மீட்டரிலும் ஏழுக்கு ஏழு. 12 மீட்டரில் மூன்று சரியாக, மூன்று தளர்ந்து, ஒன்று இல்லை. 16 மீட்டரில் ஒன்று சரி, இரண்டு தளர்வு, நான்கு இல்லை. 20 மீட்டரில் ஓரத்தில் இருந்த ஒன்றே ஒன்று; ஆறு இல்லை. கூட்டினால் சரியாக நின்றவை பத்தொன்பது, தளர்ந்தவை ஐந்து, காணாமல் போனவை பதினொன்று. தளர்ந்த ஐந்தில் மூன்றில் கிளாம்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. கம்பி கட்ட இழுக்கும் அந்த மெல்லிய கம்பிதான்.

இந்த எண்களை ஒரு தாளில் மாடிவாரியாக எழுதிப் பார்த்ததும் மேஸ்திரி, "சார், இது காற்று பிடுங்கினது இல்லை. மேலேயிருந்து கீழே வரிசையா வந்திருக்கு பாருங்க" என்றார். காற்று பிடுங்கியிருந்தால் கிளாம்புகள் உடைந்தோ வளைந்தோ கீழே கிடக்கும். ஒன்றும் கிடைக்கவில்லை. காணாமல் போன பதினொரு டைகளின் பைப்புகள் ஆறாவது மாடியில் ஓர் அறையின் மூலையில் அழகாக அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. மேல் மாடியில் அதிகம், கீழே வரவரக் குறைவு என்ற இந்த வரிசையில் தளத்தில் நடந்துகொண்டிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். சன்னல் பொருத்தும் குழு ஆறாவது மாடியில் தொடங்கிக் கீழே வந்துகொண்டிருந்தது.

ஏன் கழற்றினார்கள்

எங்கள் டைகள் எல்லாமே சன்னல் திறப்பு வழியாக உள்ளே போகும் வகை. சாரத்திலிருந்து ஒரு பைப் திறப்புக்குள் நுழையும். உள்ளே சுவரை ஒட்டி ஒரு குறுக்குப் பைப்பும், வெளியே சுவரை ஒட்டி இன்னொன்றும் அதோடு கிளாம்பால் இணையும். சுவர் நடுவில் மாட்டிக்கொள்ளும். துளை போட வேண்டாம், பூச்சு கெடாது, கழற்றினால் தடம் தெரியாது. சாரக்காரர்களுக்குப் பிடித்த வகை. அதன் ஒரே குறை, சன்னல் வர வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கும் என்பதுதான்.

சன்னல் குழுவின் தலைவரோடு பேசியபோது அவர் எதையும் மறைக்கவில்லை. "பைப் குறுக்கே இருந்தா ஃபிரேம் எப்படி உள்ளே போகும் சார்? முதல் நாளே சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட கேட்டேன். எடுத்துட்டு வேலை பாருங்க, முடிஞ்சதும் திருப்பிப் போட்டுடுங்கன்னு சொன்னார்."

சூப்பர்வைசரும் அப்படிச் சொன்னதை ஒப்புக்கொண்டார். அவர் கணக்கில் அது அரை நாள் விஷயம். ஒரு பைப்பைக் கழற்று, ஃபிரேமை வை, பைப்பைப் போடு.

இங்கேதான் நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம். ஆறாவது மாடிக்குப் போய், ஃபிரேம் பொருத்திய ஒரு சன்னலின் முன் மேஸ்திரியிடம் ஒரு பைப்பைக் கொடுத்து, "சரி, திருப்பிப் போடுங்க" என்றேன். போட முடியவில்லை. ஃபிரேமின் நடுச்சட்டம் குறுக்கே நிற்கிறது. அதை விட்டு ஒதுக்கிப் போட்டால் உள்ளே குறுக்குப் பைப் ஃபிரேமின் மேலேயே அழுத்தும், அலுமினியம் நசுங்கும். "முடிந்ததும் போடுங்கள்" என்ற உத்தரவைக் கொடுத்தவரும் கேட்டவரும் நல்ல எண்ணத்தோடுதான் இருந்தார்கள். ஆனால் அது செய்யவே முடியாத காரியம். ஒரு டை போன இடத்தில் ஒரு சன்னல் வந்துவிட்டால் அந்த டை நிரந்தரமாகப் போனதுதான். கட்டுக்கம்பி முறுக்கிய மூன்று இடங்களும் அப்படி எதையாவது செய்து பார்த்த முயற்சிகள்.

விசாரணையில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். அதுவரை "யார் கழற்றினார்" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். சன்னல் வரப்போகும் இடத்தில் டையை வரைந்தது யார், அதை யாரும் ஏன் பார்க்கவில்லை என்று அதற்குப் பிறகுதான் கேட்கத் தொடங்கினோம். சாரத்தின் வரைபடம் தயாரான நாளில் சன்னல் வேலையின் அட்டவணை வந்திருக்கவில்லை. அது வந்தபோது சாரம் கட்டி முடிந்திருந்தது. இரண்டு தாள்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியவர் என்று எங்கள் தளத்தில் யாருக்கும் பொறுப்பு இல்லை.

வலை

டை குறைவு மட்டும் போதுமா என்று பொறியாளர் விடவில்லை. இந்தச் சாரம் பதினொரு டைகளை இழந்த நிலையில் குறைந்தது ஒன்பது நாள் நின்றிருக்கிறது. இடையில் ஒரு நாள் காற்றும் அடித்திருக்கிறது. அன்று ஏன் நகரவில்லை?

அந்தக் காற்றுக்கும் சம்பவத்துக்கும் நடுவில்தான் வலை கட்டப்பட்டது. பூச்சுத் தூள் பக்கத்து நடைபாதையில் விழுகிறது என்று புகார் வந்ததால் சம்பவத்துக்கு நான்கு நாள் முன் கட்டினார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. வலையை எல்லோரும் ஒரு துணியாகத்தான் நினைத்தார்கள். துணி கட்ட வடிவமைப்பாளரிடம் ஏன் கேட்க வேண்டும்?

கணக்கு இப்படிப் போனது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்:

```
q = 0.613 × V²
```

வேகம் மீட்டர்/நொடியில், விடை சதுர மீட்டருக்கு நியூட்டனில். தளத்தில் இருந்த கிரேனின் காற்றுமானி அந்தப் பத்து நிமிடத்தில் பதிவு செய்த அதிகபட்ச வீச்சு நொடிக்கு 17 மீட்டர், அதாவது மணிக்கு 61 கிலோமீட்டர். புயல் என்று சொல்ல முடியாது. கிரேன்கூட அன்று நிறுத்தும் எல்லையைத் தொடவில்லை. அழுத்தம் 177 நியூட்டன் வருகிறது. வலை காற்றை முழுதாகத் தடுக்காது, ஒரு பகுதி ஊடே போய்விடும். எங்கள் வலையின் கண்ணுக்குப் பொறியாளர் அழுத்தத்தில் 0.6 பங்கு என்று எடுத்தார். வலை இல்லாத வெறும் சாரத்துக்கு, பைப்புகளும் பலகை விளிம்புகளும் மட்டும் காற்றைப் பிடிப்பதால், ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு.

வரைபடப்படி ஒவ்வொரு டைக்கும் பங்கு 16 சதுர மீட்டர். வலையோடு சேர்த்தும் அன்றைய காற்றில் ஒரு டைக்கு 1.7 கிலோ நியூட்டன்தான் வந்திருக்கும். ஆனால் 16 மீட்டர் மட்டத்தில் நல்ல நிலையில் தனியாக நின்ற அந்த ஒரு டைக்கு, சுற்றியிருந்த டைகள் போன பிறகு, பங்கு ஏறக்குறைய 64 சதுர மீட்டர். அதன் மேல் 6.8 கிலோ நியூட்டன். வலை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அதே டைக்கு 2.3 தான்.

ஒரு நல்ல செங்கோணக் கிளாம்புக்கு வடிவமைப்பில் அனுமதிக்கும் சுமை 6.1 கிலோ நியூட்டன். ஆக, முழு டைகளும் வலையும் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பாதி டைகளே இருந்து வலை இல்லாமல் இருந்திருந்தால் அன்று தப்பியிருக்கும். இரண்டும் சேர்ந்தபோதுதான் எல்லை தாண்டியது. காற்று வெளியே தள்ளியதற்கும் காரணம் கிடைத்தது: கட்டடத்தின் மேற்குச் சுவரில் சன்னல்கள் இன்னும் திறந்தே கிடந்தன. மேற்கிலிருந்து வந்த காற்று மாடிகளுக்குள் புகுந்து கிழக்குத் திறப்புகள் வழியாக வெளியேறி, உள்பக்கத்திலிருந்து வலையைப் பாய்மரம்போல் உப்ப வைத்திருக்கிறது.

ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. 6.1 என்பது பாதுகாப்பு விளிம்பைக் கழித்த பிறகு வரும் எண். சரியாக முறுக்கிய கிளாம்ப் உண்மையில் 10 கிலோ நியூட்டன் அளவுக்குப் பிறகுதான் வழுக்க வேண்டும். ஆனால் கழலாமல் நின்ற அந்த டையின் கிளாம்ப்கூடப் பைப்பின் மேல் 70 மில்லிமீட்டர் வழுக்கியிருந்தது. துருவின் நடுவே பளபளவென்று புதிய கீறல் இருந்தது. 6.8 இல் ஏன் வழுக்கியது? முறுக்குமானியோடு அருகில் இருந்த இருபது கிளாம்புகளைச் சோதித்தோம். 50 நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கிளாம்புகள் 35ஐக்கூடத் தொடவில்லை. சாரக்காரர்கள் கையால் முறுக்கிப் பழகியவர்கள். நல்ல கைக்கு அது பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் அந்த வாரம் கட்டிய குழுவில் பலரிடம் கைப்பிடி குட்டையான ஸ்பானர்கள் இருந்தன. அதே பலத்தைக் கொடுத்தாலும் குட்டைக் கைப்பிடியில் முறுக்கு குறையும். கையில் "இறுகியது" என்ற உணர்வு ஒன்றுபோலவே இருக்கும். இது தனியாக இந்தச் சம்பவத்தை உண்டாக்கியிருக்காது. ஆனால் மிச்சம் இருந்த விளிம்பைத் தின்றது இதுதான்.

வாராந்திரச் சோதனை என்ன செய்தது

ஏழு நாளுக்கு ஒருமுறை சாரத்தைச் சோதிக்க வேண்டும். சோதித்திருக்கிறார்கள். சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு கையெழுத்தான தாளில் "டைகள் சரியாக உள்ளனவா" என்ற வரிக்கு நேரே 'ஆம்' டிக் இருந்தது. மேலே நாம் எண்ணிய அதே டைகள்.

இதைப் பார்த்ததும் அலுவலகத்தில் எல்லாருக்கும் கோபம். பொய்க் கையெழுத்து என்று முடிவுகட்டிவிட்டார்கள். நான் சோதனையாளரை அழைத்து, "நீங்கள் அன்று எப்படி நடந்தீர்களோ அப்படியே என்னோடு ஒருமுறை நடங்கள்" என்று கேட்டேன். அவர் அடிப்பலகைகளைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், வேலை நடக்கும் தட்டில் ஏறிக் கைப்பிடிக் கம்பியையும் பலகைகளையும் பார்த்தார். பிறகு கீழே இறங்கி, பத்தடி பின்னால் வந்து, தலை தூக்கி முழுச் சாரத்தையும் பார்த்தார். அங்கிருந்துதான் அவர் எப்போதும் டைகளைப் பார்ப்பார். வலை கட்டும் வரை அங்கிருந்து டைகள் தெரிந்தன. வலை கட்டிய பிறகு பச்சைதான் தெரிந்தது. முன்பு முப்பத்தைந்தும் இருந்த சாரம், வெளியே பார்க்க ஒழுங்காக இருக்கிறது, டிக் போட்டுவிட்டார்.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளை நாங்கள்தான் அச்சடித்தோம். எத்தனை டைகள் இருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. எங்கே நின்று பார்ப்பது என்றும் இல்லை. முப்பத்தைந்து டைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்னப் பெட்டி.

மூல காரணம் என்று எதை எழுதினோம்

வரைவு அறிக்கையில் மூன்று தடவை இந்தப் பத்தி மாறியது. முதல் வரைவில் "சன்னல் தொழிலாளர்கள் அனுமதியின்றி டைகளை அகற்றியது" என்று இருந்தது. அது நடந்த செயல், காரணம் ஆகாது. அனுமதி கேட்டு, வாங்கியும் இருக்கிறார்கள். இரண்டாவதில் "மேற்பார்வையின் குறைபாடு" என்று வந்தது. அப்படி எழுதினால் யாரும் எதையும் செய்ய வேண்டியிருக்காது; எல்லா அறிக்கையிலும் போடக்கூடிய வாக்கியம். ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்கும் முறையைக் கையாளும்போது இந்தச் சறுக்கல் எப்போதும் வரும்: மூன்றாவது 'ஏன்' ஒரு மனிதரின் மேல் போய் நின்றுவிடும், அதற்கு மேல் கேட்க யாருக்கும் மனம் வராது.

கடைசியில் எழுதியது இது: டை வகையும் இடமும் அடுத்து வரும் வேலையைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்கப்பட்டன, ஒப்படைத்த பிறகு சாரத்தில் செய்யும் மாற்றத்தை, கழற்றுவதானாலும் வலை சேர்ப்பதானாலும், வடிவமைத்தவரிடம் கொண்டுபோகும் வழி தளத்தில் இல்லை. சோதனைத் தாளும் முறுக்கு அளவும் துணைக் காரணங்கள்.

என்ன மாற்றினோம்

சன்னல் குழுவை வெளியேற்ற வேண்டும் என்ற யோசனை வந்தது. அவர்கள் போனால் அடுத்து வரும் குழுவுக்கும் அதே பைப் அதே திறப்பில் குறுக்கே நிற்கும் என்று சொன்னேன். அது அதோடு நின்றது. காலைக் கூட்டத்தில் "டையைத் தொடாதீர்கள்" என்று அறிவிப்பதையும் நடவடிக்கைகளின் பட்டியலில் சேர்க்க நான் சம்மதிக்கவில்லை. சொல்லலாம், சொல்லவும் செய்தோம். ஆனால் வேலையை முடிக்கவே முடியாதபடி ஒரு பைப் நிற்கும்போது அந்த அறிவிப்பு இரண்டு நாள் தாங்கும்.

முதல் மாற்றம் டையின் இடம். திறப்பு வழியாகப் போகும் டைகளை விட்டுவிட்டு, சன்னலுக்கு இடையே உள்ள கான்கிரீட் தூணிலும் உத்தரத்திலும் துளையிட்டு ஆங்கர் போல்ட் வைத்தோம். இப்போது டைக்கும் சன்னலுக்கும் சண்டையே இல்லை. எண்ணிக்கையும் மாறியது. வடிவமைப்பாளர் நொடிக்கு 36 மீட்டர் காற்றை எடுத்துக் கணக்குப் போட்டபோது, வலையோடு 16 சதுர மீட்டருக்கு ஒரு டை என்றால் 7.6 கிலோ நியூட்டன் வந்தது, 6.1 தாண்டிவிட்டது. பழைய கட்டம் வலை இல்லாத சாரத்துக்கு மட்டுமே போதுமானது என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. உயரத்தில் 2 மீட்டருக்கு ஒன்றாக நெருக்கியபோது ஒரு டைக்கு 3.8 ஆகக் குறைந்தது. மொத்தம் எழுபது டைகள்.

ஆங்கர்களில் ஏழு மட்டும் எடுத்து, தேவையான சுமையின் 1.25 மடங்கு, அதாவது சுமார் 4.8 கிலோ நியூட்டன் இழுத்துச் சோதித்தோம். ஆறு அசையவில்லை. ஏழாவது 3 ஐத் தொடும் முன்பே பூச்சோடு பிய்ந்து வந்தது. பூச்சுக்குப் பின்னால் அங்கே கான்கிரீட் இல்லை, செங்கல். தூணின் விளிம்பை ஒரு கையளவு தவறவிட்டிருக்கிறார்கள். அதனால் அந்தத் தூண் வரிசை முழுவதையும் இழுத்துப் பார்த்தோம். இன்னும் இரண்டு அப்படி இருந்தன. மூன்றையும் இடம் மாற்றினோம். இந்தச் சோதனையை "நேரம் இல்லை" என்று விட்டிருந்தால் புதிய ஏற்பாடும் பழையதுபோலத் தாளில் மட்டும் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது, மாற்றத்துக்கு ஒரு வழி. ஒவ்வொரு டைக்கும் சிவப்புப் பெயிண்டும் ஓர் எண்ணும். யாருக்காவது ஒரு டை இடைஞ்சல் என்றால் அந்த எண்ணைச் சாரம் மேஸ்திரியிடம் சொன்னால் போதும். அவர் அன்றே வந்து, பக்கத்தில் புதியதைப் போட்ட பிறகுதான் பழையதைக் கழற்றுவார். 'அன்றே' என்ற சொல் முக்கியம். மூன்று நாள் காத்திருக்கச் சொன்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். வலை, பதாகை, சரக்கு ஏற்றும் கப்பி எதைச் சேர்ப்பதானாலும் வடிவமைப்பாளரின் கையெழுத்து வேண்டும் என்பதும் இதனோடு வந்தது.

மூன்றாவது, சோதனை. 'ஆம், இல்லை' போய், மாடிவாரியாக எண் எழுதும் கட்டங்கள் வந்தன. கட்டடத்துக்குள் இருந்து, ஒவ்வொரு மாடியாக, இருக்கும் டைகளை எண்ணி எழுத வேண்டும். உள்ளிருந்து பார்ப்பதால் வலை மறைக்காது. கூட்டுத்தொகை எழுபது வரவில்லை என்றால் தாள் முடியாது. கிளாம்புகளில் பத்தில் ஒன்றை முறுக்குமானியால் பார்ப்பதும் சேர்ந்தது. குட்டை ஸ்பானர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

நான்காவதாக ஒன்று செய்தோம், அது சரியாக வரவில்லை. ஏணியின் அடியில் பச்சை, சிவப்பு டேக் மாட்டினோம். சிவப்பு இருந்தால் ஏறக்கூடாது. இரண்டாவது வாரத்தில் சிவப்பு டேக் தொங்கும்போதே மேலே ஆள் நின்றார். அவர் டேக்கை மீறவில்லை, பார்க்கவே இல்லை. நான்காவது மாடியில் சன்னல் வழியாகச் சாரத்துக்குள் இறங்கியிருக்கிறார். அப்புறம் யோசித்தால், ஏணி வழியாக ஏறுபவர்கள்தான் குறைவு. மாடிக்கு ஒரு திறப்பை மட்டும் வழியாக விட்டு மற்றவற்றைக் குறுக்குக் கம்பியால் அடைத்து, அந்தந்த வழியில் டேக்கை மாட்டிய பிறகுதான் அது வேலை செய்தது.

ஏழு வாரம் கழித்து நான் போய் எண்ணினேன். அறுபத்தொன்பது வந்தது. நாற்பத்து மூன்றாம் எண்ணைக் காணவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் என்னை ஐந்தாவது மாடிக்கு அழைத்துப் போய், தூணின் மறுபக்கத்தில் இருந்த ஒரு டையைக் காட்டினார். மழைநீர்க் குழாய் வரும் இடம் என்று பிளம்பர் சொன்னதால் நான்கு நாள் முன்பு அரை மீட்டர் தள்ளிப் போட்டிருக்கிறார், அதன் பிறகுதான் பழையதை எடுத்திருக்கிறார். புது பைப்பில் சிவப்பு இருந்தது, எண் எழுதவில்லை. வரைபடத்திலும் பழைய இடமே இருந்தது. அந்த வரைபடம் அலுவலகத்தில் பூட்டிய அலமாரியில் இருந்தது. இப்போது ஒவ்வொரு மாடியிலும் சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.